ஜன்னல் யாருக்கு?

வாடகை வீட்டைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றுபவர்கள் சுவரில் யானையும் மயிலும் வரைகிறார்கள். ஜன்னலைத் தொடுவதே இல்லை. நம் வீடுகளில் ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து சுமார் 3 அடி. இரண்டு வயதுக் குழந்தையின் கண்ணோ இரண்டரை அடியில் இருக்கிறது. பகல் முழுக்க அதற்குத் தெரிவது சுவர்தான். அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கினால் வெளியே மணல்தொட்டியும் வேப்பமரமும் தெரியும். ஆனால் இறக்கியதும் அது ஏறும் படியாகிவிடும். அதனால் கீழ்ப்பாதியில் திறக்காத, உடைந்தாலும் சிதறாத லேமினேட்டட் கண்ணாடி வேண்டும். திறக்கும் கதவு பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில். கம்பிகள் நெடுக்காக, 4 அங்குலத்துக்கும் குறைந்த இடைவெளியில் இருக்கட்டும். குறுக்குக் கம்பி என்றால் ஏணியேதான். திண்டின் கிரானைட் விளிம்பை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். தடுக்கி விழும் குழந்தையின் நெற்றி அங்கேதான் மோதும். ஒட்டும் ரப்பர் பட்டையை நம்பாதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். தூங்கும் பாய்களும் தொட்டில்களும் ஜன்னலை விட்டு எதிர்ச்சுவர் ஓரம். அங்கே வெளிச்சத்தைக் குறைக்கலாம், இருட்டாக்கக் கூடாது: தூங்கும் குழந்தையின் முகநிறமும் மூச்சும் ஆயாவுக்குத் தெரிய வேண்டும்.