கேள்விக்குறிகளுக்கு என்ன பதில்?

மும்பையில் தமிழ்ப் புத்தகங்களைத் தபாலில் அனுப்பும் கடை அது. ஒரு காலை வந்த மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான்: `???????? 4 ??????????`

முதலில் கடையின் வழக்கமான பதில் போனது: "செய்தி செல்லாது. மீண்டும் அனுப்பவும்." வாசகர் அதையே மீண்டும் அனுப்பினார். அதே கேள்விக்குறிகள். இப்படிப் பேசினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயந்த மேலாளர், பன்னிரண்டு வரியில் உருக்கமாக எழுதினார். மூன்று முறை மன்னிப்பு, தொழில்நுட்ப விளக்கம், கடையின் பெருமை. செய்ய வேண்டியது பத்தாவது வரியில் ஒளிந்திருந்தது. மறுநாளும் கேள்விக்குறிகளே வந்தன.

ஒன்று சிடுசிடுப்பு, மற்றது வளவளப்பு. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: வாசகருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதிலின் நீளத்தைத் தீர்மானிக்குமுன் கோளாறு எந்த வகை என்று பார்க்க வேண்டும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், இங்குள்ள கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். செய்தி பத்திரமாக இருக்கிறது. `à®`, `à¯` என்று திரும்பத் திரும்ப வந்தால், தமிழை வேறு முறையில் படித்துவிட்டது கணினி. எழுத்துமுறையை `UTF-8` என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த இரண்டுக்கும் வாசகரைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். கேள்விக்குறிகள் அப்படியல்ல. தமிழைத் தாங்காத ஏதோ ஒரு மென்பொருள், ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டிருக்கிறது. அசல் அழிந்துவிட்டது. எண்கள், ஆங்கில எழுத்துகள் போன்றவை மட்டும் தப்பிக்கும்.

அந்த '4' தான் கடைக்குக் கை கொடுத்தது. மூன்றாவதாகச் சென்ற பதில் இது:

"வணக்கம். உங்கள் கடிதம் இங்கு வந்து சேர்ந்தபோது எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. 4 என்ற எண் மட்டும் தெரிகிறது. அதையே ஆங்கில எழுத்துகளில் அடித்தோ, தாளில் எழுதிப் படம் எடுத்தோ அனுப்புங்கள், உடனே கவனிக்கிறோம்."

வணக்கத்தை விட்டால் மூன்றே வாக்கியம். முதல் இரண்டும், யாரோ உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று காட்டுகின்றன. யார் மீதும் பழி போடவில்லை. மூன்றாவது வழி சொல்கிறது. 4 என்பது நான்கு பிரதியா, நான்காம் பாகமா என்ற ஊகங்களை அடுக்கவில்லை. அப்படி அடுக்கினால் வாசகர் அந்த ஊகங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் இந்த நீளம் தேவையில்லை. கைதவறி அழுத்திய `kkkjh` போன்றதற்கு, "செய்தி முழுமையாக வரவில்லை, மறுபடி அனுப்புகிறீர்களா?" என்ற ஒரு வரி போதும். மாறாக, பக்கக்கணக்கில் கேள்விக்குறிகள் வந்தால், யாரோ நெடுநேரம் உட்கார்ந்து எழுதியது அது. மறுபடி எழுதச் சொல்வதற்காக வருந்தும் ஒரு வாக்கியத்தை அங்கே சேர்ப்பதே முறை.

பதில் பலித்ததா என்பதை அடுத்து வரும் செய்தி சொல்லிவிடும். திரும்பவும் படிக்க முடியாததே வந்தால், அதே பதிலை இன்னும் நீட்டிப் பயனில்லை. தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடலாம்.

கடைக்கு அன்று மாலையே படம் வந்தது. கேட்டிருந்தது நான்கு பிரதிகள்.