கடைசிப் பெயருக்கு எங்கே போவாள்?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் அப்பாவின் இனிஷியல், அவ்வளவுதான். காட்பாடியில் படித்து முடித்த என் அக்கா மகளின் பாஸ்போர்ட்டிலும் Given Name கட்டத்தில் அவள் பெயர் இருக்கிறது, Surname கட்டம் காலி. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தபோது, Last Name போடாமல் அந்த ஆன்லைன் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. வேறு வழியின்றி அப்பா பெயரைப் போட்டாள். பல்கலைக்கழகம் அனுப்பிய I-20இல் அதுவே குடும்பப் பெயராக வந்து நின்றது.

மாணவர் விசாவுக்கு ஆதாரமே அந்தத் தாள்தான். அதிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பூர் தோல் ஏற்றுமதியில் பேப்பர் பார்த்தவன் நான், எல்.சி.யில் இருப்பதற்கு மாறாக இன்வாய்ஸில் ஒரு பெயர் வந்தால் வங்கி என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அதனால்தான் உடனே திருத்தம் கேட்டு மெயில் போடச் சொன்னேன்.

வந்த பதிலைப் பாருங்கள்: "உங்கள் சட்டப்படியான குடும்பப் பெயரைத் தெரிவிக்கவும்." அட, அது இல்லையென்றுதானே அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்! பாஸ்போர்ட் பக்கத்தையும் இணைத்திருக்கிறாள். அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களா? மறுபடி எழுதினால் வேறொருவர் முதலிலிருந்து அதே கேள்வியைக் கேட்கிறார். அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே இரவு. பிள்ளை தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் விதி தெளிவாகவே இருக்கிறது. I-20 தயாராகும் SEVIS கணினியில் கட்டாயமான பெயர்க் கட்டம் Surname மட்டும்தான். ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயரையே அங்கே போட்டு, Given Name கட்டத்தைக் காலியாக விட வேண்டும். DS-160 விசா விண்ணப்பத்தில்தான் Given Names கட்டத்தில் FNU என்று நிரப்ப வேண்டும். பெயரைத் திருத்தினாலும் SEVIS எண் மாறாது. SEVIS கட்டணமாகக் கட்டிய 350 டாலரும் வீணாகாது. அவர்களுக்கு என்னதான் கஷ்டம்?

ஏஜென்ட் ஒருவர், "பாஸ்போர்ட்டையே மாத்திடுங்க சார்" என்கிறார். மாற்றினால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லாமே பாஸ்போர்ட்டோடு முட்டிக்கொள்ளும். அதை யார் சரிசெய்வது?

கடைசியில் பொது முகவரியை விட்டுவிட்டு, I-20இல் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரிக்கே எழுதவைத்தேன். தலைப்பில் SEVIS எண்ணும் 'I-20 பெயர்த் திருத்தம்' என்பதும். உள்ளே இப்போது இருப்பது இது, இருக்க வேண்டியது இது என்று கட்டம் கட்டமாக. கூடவே பாஸ்போர்ட் பக்கம். வேறு ஒரு வார்த்தை இல்லை. திருத்திய I-20 வந்தது. DS-160ஐ அதன் பிறகுதான் நிரப்பினாள்.

ஆனால் அந்த விண்ணப்பப் படிவம் இன்னும் Last Name கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. 'எனக்கு ஒரே பெயர்' என்று டிக் போட ஒரு கட்டம் வைக்கக் கூடாதா? எங்கள் ஜில்லாவிலிருந்து அடுத்த வருஷமும் பிள்ளைகள் விண்ணப்பிப்பார்களே!