அட்டைப்பெட்டியில் ஒரு காக்கை

போன மாதம் என் அக்கா செல்போனும் கையுமாக ஓடி வந்தாள். ஜெர்மனியிலிருந்து அவள் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சிநேகிதி வீட்டில் இரண்டரை வயதுப் பேரன் தரையில் உட்கார்ந்து பழப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டி.

"அடுத்த மாசம் இங்கே வர்றாங்க. அதே விளையாட்டை நான் வாங்கி வைக்கணும். ஆனா அவகிட்ட பேரைக் கேட்டா குட்டு உடைஞ்சிடும். நீதான் கண்டுபிடிக்கணும்!" என்றாள்.

பெட்டியில் பாதியைக் குழந்தையின் முதுகு மறைத்திருந்தது. தெரிந்தது garten என்ற எழுத்துக்களும் ஒரு காக்கைப் படமும்தான். "கிண்டர்கார்டன் சமாசாரமோ?" என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்த மாதிரி நேரத்தில் பெட்டியின் மூலைகளைப் பார்க்க வேண்டும், சகோதரிகளே. தயாரிப்பாளர் பெயர் அங்கேதான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்பில் HABA என்று தெரிந்தது. ஹாபா, மர விளையாட்டுச் சாமான்களுக்குப் பெயர்போன ஜெர்மன் பெயர். அதையும் garten என்பதையும் சேர்த்துத் தேடியதும் முழுப் பெயர் கிடைத்துவிட்டது: Obstgarten, அதாவது பழத்தோட்டம். பெட்டியில் Spiel என்று இருந்தால் அதை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அதற்கு 'விளையாட்டு' என்றுதான் பொருள், எல்லாப் பெட்டியிலும் இருக்கும்.

இது 1986-ல் வெளிவந்த விளையாட்டு. தாயக்கட்டையை உருட்டி, விழும் நிறத்துக்கு ஏற்ற பழத்தைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். காக்கை விழுந்தால் காக்கை தோட்டத்தை நெருங்கிவிடும். அது வருவதற்குள் பழங்களையெல்லாம் பறித்துவிட்டால் எல்லாரும் சேர்ந்து ஜெயித்ததாக அர்த்தம். ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது. அதனால் தோற்று அழும் குழந்தையும் இல்லை.

"சரி, வாங்கிடலாமா?" என்று அக்கா அவசரப்பட்டாள். நான்தான் நிறுத்தினேன். ஏனென்றால் ஒரே தோட்டம், ஒரே காக்கை, இரண்டு பெட்டிகள்!

ஒன்று பெரிய Obstgarten. மூன்று வயது முதல் விளையாடுவது. ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ், செர்ரி என்று நாற்பது பழங்கள், எல்லாம் சின்னச் சின்னவை. மற்றது Mein erster Obstgarten, 'என் முதல் பழத்தோட்டம்'. இரண்டு வயது முதல் விளையாடலாம். பெரிய பழங்கள், மொத்தம் பதினாறுதான். அக்கா பேரனுக்கோ எதையும் வாயில் போடுகிற வயது. பெட்டி மாறினால் சின்னப் பழம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயது எழுதிய இடத்தைக் குழந்தை மறைத்துவிட்டான். எனவே தரையில் கிடந்த பழங்களைப் பார்த்தேன். சிவப்பு ஆப்பிளும் இருந்தது, பச்சை ஆப்பிளும் இருந்தது. செர்ரி ஒன்றுகூட இல்லை. சின்னப் பெட்டியில்தான் செர்ரிக்குப் பதில் இரண்டு நிற ஆப்பிள். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

உங்கள் படத்தில் எழுத்துத் தெரிந்தால், ஜெர்மன் பெட்டியில் Jahre அல்லது Jahren என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் எண்தான் வயது. Spieler என்பதன் முன்னால் இருப்பது எத்தனை பேர் விளையாடலாம் என்பது. இரண்டையும் மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

வாங்க மூன்று வழி பார்த்தோம். இதன் ஆங்கிலப் பெட்டி First Orchard என்ற பெயரில் வருகிறது. நம் ஊர் இணையக் கடைகளில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். விலையைப் பார்க்கும்போது ஜெர்மனியில் என்ன விலை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரே வரவழைப்பது. அதில் தபால் செலவோடு சுங்க வரியும் சேரும். மூன்றாவது, பழைய பெட்டி. அதை வாங்குவதானால் எல்லாப் பழங்களையும் பரப்பி வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பதினாறு இருக்கிறதா, தாயக்கட்டை, கூடை, காக்கை இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது வேறு. மாப்பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லி, அங்கேயே வாங்கி எடுத்துவரச் செய்தோம். 'garten' என்று மட்டும் சொல்லாமல் முழுப் பெயரையும், "ரெண்டு வயசுக்குள்ளது, செர்ரி இல்லாதது" என்பதையும் அக்கா இரண்டு முறை சொன்னாள். விதிமுறைப் புத்தகத்தில் ஆங்கிலமும் இருந்ததால் சிரமமில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் காக்கையை விரட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அக்கா பழங்களை எண்ணித்தான் பெட்டியை மூடுகிறாள். நேற்று பதினைந்துதான் இருந்தது. பதினாறாவது, பீரோவுக்கு அடியில்!