இரண்டு துண்டுத் துணி

பேச்சு அறுந்துபோன நண்பருக்கு ஒரு பரிசு அனுப்பிப் பார்க்கலாமா? இந்தத் தயக்கம் அமெரிக்க ஜனாதிபதிகளையும் விட்டுவைத்ததில்லை.

ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1776ல் சுதந்திரப் பிரகடனக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். 1800 தேர்தலில் எதிரெதிராக நின்றார்கள். தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சன் பதவியேற்ற நாளில் விடியுமுன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

1804ல் ஒரு வாய்ப்பு வந்தது. ஜெஃபர்சனின் மகள் இறந்தபோது ஆடம்ஸின் மனைவி அபிகேல் கணவரிடம் சொல்லாமலே இரங்கல் கடிதம் எழுதினார். பதிலில் நன்றி சொன்ன ஜெஃபர்சன் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பதவியின் கடைசி நாட்களில் ஆடம்ஸ் செய்த நியமனங்கள் தன்னைப் புண்படுத்தின என்று ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். அபிகேல் தன் மனக்குறைகளை எடுத்து வைக்க, சில மாதங்களில் கடிதப் போக்குவரத்து முறிந்தது. இருவருக்கும் பிரியம் இருந்தது. கணக்குத் தீர்க்கும் அவசரமும் இருந்தது.

அடுத்த முயற்சி பலித்ததற்கு முதல் காரணம் பரிசு அல்ல, பெஞ்சமின் ரஷ் என்ற பொது நண்பர். 1809லிருந்து இருவருக்கும் எழுதிக் கரைத்துக்கொண்டே இருந்தார். 1811ல் ஆடம்ஸைப் பார்க்கப் போன வர்ஜீனியாக்காரர்களிடம், ஜெஃபர்சனை எப்போதும் நேசித்ததாக அவர் சொன்னது ஜெஃபர்சன் காதுக்கும் போனது. அதாவது கதவு தாழிடப்படவில்லை என்று தெரிந்துவிட்டது. இப்படி ஒரு அறிகுறியும் இல்லாதபோது பொட்டலம் அனுப்புவது எதிராளியைச் சங்கடத்தில் தள்ளும். அங்கே நாலு வரிக் கடிதம் போதும்.

1812 ஜனவரி 1ந் தேதி ஆடம்ஸ் எழுதிய கடிதம் மிகச் சிறியது. குடும்ப நலம், புத்தாண்டு வாழ்த்து, கூடவே ‘வீட்டில் நூற்ற துணி இரண்டு துண்டு’ தபாலில் வருவதாக ஒரு தகவல். பழைய சண்டை பற்றி ஒரு சொல் கிடையாது. உண்மையில் அது துணியே அல்ல! மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் சொற்பொழிவு நூல், இரண்டு பாகங்கள். பாரீஸில் சிறுவனாக இருந்தபோது ஜெஃபர்சன் பிரியம் காட்டிய அதே பையன். விலை உயர்ந்த பொருளென்றால் நன்றி சொல்லியே தீரவேண்டிய கடன் ஏறும். இது அப்படியில்லை, சண்டைக்கு முந்தைய காலத்தை மட்டும் தொட்டது. மௌனமாக இருந்தாலும் யாருக்கும் அவமானமில்லை.

1813ல் பழைய மனக்குறை திரும்பவும் கிளம்பத்தான் செய்தது. அதற்குள் கடிதப் பழக்கம் ஊன்றிவிட்டதால் தாங்கியது. 1826ல் இருவரும் ஒரே நாளில் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடிதம் முந்திக்கொண்டது, பொட்டலம் பிந்திவிட்டது. ஜெஃபர்சன் அது நிஜத் துணி என்றே நம்பி, வர்ஜீனியா வீடுகளில் நூல் நூற்பது, நெய்வது பற்றி விரிவாகப் பதில் எழுதி 21ந் தேதி அனுப்பினார். புத்தகங்கள் வந்து விஷயம் புரிந்ததும், 23ந் தேதி இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று.