கால் ஓய்ந்ததா, கட்டளை ஓய்ந்ததா?



ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர் வீட்டு இளைஞர் ஒருவர் எழுதிய கடிதம், இந்த மாதம் என்னை நிறையப் படிக்க வைத்தது. பகலில் குழித்தறியில் ஜக்கார்டு மிதியை மிதிக்கிறார். மாலையில் ஜிம்முக்குப் போகிறார். உட்கார்ந்தபடி கணுக்காலால் எடையைத் தூக்கி முழங்காலை நீட்டும் பயிற்சியில், இருபது முறையைத் தாண்டினால் கால் மேலே வர மறுக்கிறதாம். "மனசு விட்டுடுச்சு, அவ்வளவுதான்னு பயிற்சியாளர் சொல்றார். எனக்குத் தசையே செத்துப்போன மாதிரி இருக்கு. எது சரி?" என்று கேட்கிறார்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதை அளந்தே காட்ட முடியும்.

அளக்கும் முறை எளிமையானது. ஒருவரை முழு பலத்தோடு காலை நீட்டி அழுத்தச் சொல்கிறார்கள். அவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, தொடை நரம்பில் நொடிக்கும் குறைவான ஒரு மின்துடிப்பைக் கொடுக்கிறார்கள். மூளை தசையை முழுவதுமாக இயக்கியிருந்தால், அந்தத் துடிப்பால் விசை கூடாது. கூடினால், மூளையின் கட்டளை எட்டாத பங்கு தசையில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பிறகு காலைத் தளர்த்தச் சொல்லி, அதே துடிப்பை மறுபடியும் கொடுக்கிறார்கள். இப்போது மூளைக்கு வேலையே இல்லை. தசையின் சொந்தத் திறன் மட்டும் தெரிகிறது.

எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். பயிற்சிக்கு முன், தளர்ந்த காலில் துடிப்பு 10 கிலோ விசை தருகிறது. முழு முயற்சியின் நடுவே அரை கிலோதான் கூட்டுகிறது. மூளை 95 சதவீதம் இயக்கியிருக்கிறது. நீண்ட செட் முடிந்ததும், தளர்ந்த காலில் அதே துடிப்பு 6 கிலோதான் தருகிறது. தசை தன்னளவிலேயே தளர்ந்துவிட்டது. முயற்சியின் நடுவே கொடுத்த துடிப்போ 1.2 கிலோ கூட்டுகிறது. இது 6 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, மூளையின் இயக்கமும் 80 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரே சோதனையில் இரண்டு களைப்பும் தனித்தனியாகத் தெரிகின்றன.

தசைக்குள் நடப்பது இதுதான்: விடாமல் வேலை செய்யும்போது பாஸ்பேட் சேர்ந்து, இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் வலு குறைகிறது. தசையைச் சுருங்கவைக்கும் கால்சியமும் போதிய அளவு வெளிவருவதில்லை. மறுபுறம், இந்த மாற்றங்களை உணரும் மெல்லிய நரம்புகள் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. தசையை இயக்கும் நரம்புச் செல்களும் தொடர்ந்து துடித்ததில் மந்தமாகின்றன. அதே விசைக்கு மூளை இன்னும் பலமாக ஆணையிட வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

1954இல் லண்டனில் மெர்ட்டன் என்ற உடலியல் அறிஞர் கட்டைவிரல் தசையை இப்படித்தான் சோதித்தார். களைப்பு முழுவதும் தசையில்தான் என்று முடிவு செய்தார். 1996இல் ஆஸ்திரேலியாவில் கண்டேவியா என்ற ஆய்வாளரின் குழு, முழங்கையை மடக்கும் தசை களைத்திருந்தபோது, மண்டைக்கு மேலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டியது. முழு முயற்சியின்போதும் விசை கூடியது. மூளையிலிருந்து வரவேண்டிய ஆணையே முழுமையாக வரவில்லை என்பது அப்போது தெரிந்தது. ஆனால் இது சோம்பலோ மன உறுதிக் குறைவோ அல்ல. முழு மனதோடு முயன்றவர்களிடமே அளந்தது இது.

எடை அதிகமாகி, செட் குறுகினால் தசையின் பங்கு மேலோங்கும். எடை குறைந்து, நேரம் நீண்டால் நரம்பு மண்டலத்தின் பங்கு கூடும். பக்கத்தில் ஒருவர் சத்தமாக உற்சாகப்படுத்தியதும் இன்னும் இரண்டு முறை தூக்க முடிந்தால், மூளைப் பக்கம் மிச்சம் இருந்தது என்று கொள்ளலாம். எவ்வளவு கத்தினாலும் கால் நகராவிட்டால், தசைதான் முடிந்துபோனது என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது.

ஆரணி நண்பருக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. நரம்பின் களைப்பில் பெரும்பகுதி சில நிமிடங்களில் தெளிந்துவிடும். தசையின் களைப்பில் ஒரு வகை, மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைகூட நீடிக்கும். முழு பலத்தைச் சோதித்தால் அது பெரிதாகத் தெரியாது. நரம்பு மெதுவாகத் துடிக்கும் லேசான வேலைகளில்தான் விசை அதிகம் குறையும். ஜக்கார்டு மிதியும் அப்படிப்பட்ட வேலைதான். ஒவ்வொரு மிதிக்கும் முழு பலம் தேவையில்லை, ஆனால் நாள் முழுக்க மிதிக்க வேண்டும். மாலையில் காலை முழுவதுமாகக் களைக்கவைத்த மறுநாள் காலை, பலம் திரும்பிவிட்டது போலிருந்தும் மிதி கனப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே, தறியில் உட்காரும் நாளுக்கு முந்தைய மாலை, கால் பயிற்சியில் முடியாமல் போகும் வரை தள்ள வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். கடைசி வரை போகும் செட்டை, மறுநாள் தறி இல்லாத மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்