திரும்பி வந்த பணம்



அக்காலத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர் உரியவரிடம் சேராமல் போனால், தபால்காரரே நம் வீடு தேடி வந்து, "விலாசதாரர் இல்லையாம், ஸார்" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். பணம் திரும்பிய செய்தி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்று நாம் அனுப்பும் பணம் ஓசையின்றிப் போகிறது. ஓசையின்றித் திரும்பியும் வந்துவிடுகிறது. நம் சங்கத்து அன்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததை, அவருடைய அனுமதியின் பேரில் இங்கே எழுதுகிறேன்.

அன்பர் டோம்பிவிலியில் இருக்கிறார். மன்னார்குடியில் தனியே வசிக்கும் தாயாருக்கு மாதந்தோறும் 2 ஆம் தேதி 12,000 ரூபாய் தானாகவே போய்ச் சேரும்படி, தம்முடைய பாங்கில் நிரந்தர உத்தரவு ஒன்று கொடுத்து வைத்திருந்தார். தாயாரின் கணக்கு இருந்த பாங்கு சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெரிய பாங்குடன் இணைந்தது. அப்போது ஐ.எப்.எஸ்.ஸி. குறியீடு மாறியதை அறிந்து, அன்பர் பொறுப்பாகத் தம் பட்டியலில் திருத்திவிட்டார். அத்துடன் காரியம் முடிந்தது என்றே எண்ணியிருந்தார்.

முடியவில்லை. பாங்குகள் இணையும்போது ஒரே தெருவில் இருவருக்கும் ஒவ்வொரு கிளை இருப்பது சகஜம். சில காலம் இரண்டும் நடக்கும். பிறகு ஒன்றை மற்றொன்றுடன் சேர்த்துவிடுவார்கள். அம்மையாரின் கிளையும் அப்படியே எதிர்வரிசைக் கட்டடத்துக்குப் போயிற்று. கிளை போனால் அதன் குறியீடும் போயிற்று.

இந்தக் குறியீட்டின் அமைப்பை ஒருமுறை தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கும். மொத்தம் 11 எழுத்துகள். முதல் நான்கும் பாங்கின் பெயர். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. ஆகவே பாங்கு இணைந்தால் முன்பகுதி மாறும். கிளை இணைந்தால் பின்பகுதி மாறும். 2020 ஏப்ரல் 1 அன்று ஸிண்டிகேட் பாங்கு கனரா பாங்குடன் இணைந்தபோது, SYNB என்று தொடங்கியவை CNRB என்று மாறின. கிளை எண்ணுடன் 10000 கூட்டப்பட்டது. உதாரணத்துக்குச் சொன்னால், SYNB0001234 என்பது CNRB0011234 ஆயிற்று. இப்படிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வசதி எல்லா இணைப்புகளிலும் கிடையாது. ஊகித்து எழுதுவது கூடவே கூடாது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பழைய குறியீடு இணைப்பு நடந்த அன்றே செத்துவிடுவதில்லை. ஸிண்டிகேட் பாங்கின் பழைய குறியீடுகள் 2021 ஜூன் 30 வரையில், அதாவது 15 மாதங்கள் செல்லுபடியாயின. செய்தி வெளிவரும் நாளில் பணம் ஒழுங்காகப் போகிறது. எல்லோரும் மறந்திருக்கும் ஒரு நாளில் நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பது. பாங்கு தன்னுடைய வாடிக்கைக்காரருக்குத்தான் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பும். மன்னார்குடியில் கணக்கு வைத்திருப்பவர் தாயார். டோம்பிவிலியில் அந்தக் குறியீட்டைச் சேமித்து வைத்திருப்பவர் வேறொரு பாங்கின் வாடிக்கைக்காரர். அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அம்மையாருக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்காமல் விட்டுவிட்டார். ஊரிலிருந்து தள்ளி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகமாக நேர்வது இதனால்தான்.

புரட்டாசியில் அனுப்பிய பணம் திரும்பிற்று, ஐப்பசியிலும் திரும்பிற்று. தொகை கழிந்ததாக வந்த செய்தியை அன்பர் பார்த்தார். சற்று நேரத்தில் அதே தொகை வரவு வந்ததாக மற்றொரு செய்தி வந்ததைப் பார்க்கவில்லை. தாயாரோ வாய் திறக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை மருந்துக் கடையில் கடனாக வாங்கியிருக்கிறார். பிறகு தினம் சாப்பிட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். தீபாவளிக்குப் பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது. "ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று அன்பர் கேட்டாராம். "உனக்கு அங்கே என்ன கஷ்டமோ அப்பா, கேட்டால் வருத்தப்படுவாய் என்று இருந்துவிட்டேன்" என்றாராம் அம்மையார்.

பணம் போனதா என்பதைக் கணக்குப் பதிவில் பார்த்தால் தெரியும். பற்று ஒன்று, அதே தொகைக்கு வரவு ஒன்று, இரண்டிலும் ஒரே குறிப்பு எண், வரவின் பக்கத்தில் RETURN என்றோ RTN என்றோ ஒரு சொல் இருந்தால், பணம் திரும்பிவிட்டது என்று பொருள். சில சமயம் நம் பாங்கே குறியீடு செல்லாது என்று சொல்லி, பணத்தைக் கழிக்காமலே மறுத்துவிடும். அது நல்ல மறுப்பு. கழிந்தும் அங்கே சேராமல், இங்கே திரும்பவும் இல்லையென்றால்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். நெப்ட் முறையில் பணம் அரைமணிக்கு ஒரு தொகுதியாகப் போகிறது. கணக்கில் சேர்க்க முடியாத தொகையை, அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் பாங்கு திருப்ப வேண்டும். தாமதமானால் வட்டியுடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. UTR என்னும் குறிப்பு எண்ணைக் காட்டி நம் பாங்கில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

அன்பர் என்ன செய்தார்? முதலில் தாயாரிடம் செக் புத்தகத்தைப் பார்த்துக் குறியீட்டைச் சொல்லச் சொன்னார். அது பழைய புத்தகம். பழைய குறியீடே அச்சாகியிருந்தது. நல்ல வேளையாக அன்பருக்குச் சந்தேகம் தட்டிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளை அம்மையாரைப் புதிய கிளைக்கு அழைத்துப் போய், பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து வாங்கிப் படம் எடுத்து அனுப்பினான். கணக்கு எண் மாறவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதையும் பார்ப்பது அவசியம். சில இணைப்புகளில் கணக்கு எண்ணே மாறிவிடுகிறது; நெப்ட் முறையிலோ பணம் எண்ணைப் பார்த்துத்தான் கணக்கில் ஏறுகிறது, பெயரைப் பார்த்து அல்ல. பணம் அனுப்புமுன் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதியை, ரிசர்வ் பாங்கு 2025 ஏப்ரல் 1 க்குள் ஏற்படுத்தும்படி பாங்குகளுக்குச் சொல்லியிருந்தது. கட்டணம் கிடையாது. அம்மையாரின் பெயர் திரையில் வந்த பிறகே அன்பர் மேலே போனார்.

அவருடைய பாங்கில் சேமித்த பெயரில் குறியீட்டை மட்டும் திருத்த இயலவில்லை. பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்த்தால் பல பாங்குகள் சிறிது காலம் பெருந்தொகையை அனுப்ப விடுவதில்லை. அவசரச் செலவு இருக்கும் மாதத்தில் கடைசி நாள் வரையில் காத்திருக்கக் கூடாது. நிரந்தர உத்தரவும் பழைய பெயரைப் பற்றிக்கொண்டே இருந்தது. அதை ரத்து செய்து புதிதாக எழுத வேண்டும். பட்டியலை மட்டும் திருத்திவிட்டு இதை மறந்திருந்தால் கார்த்திகையிலும் பணம் திரும்பியிருக்கும். டில்லியிலிருக்கும் தம்பியின் பட்டியலிலும் அதே பழைய குறியீடுதான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

எல்லாம் செய்து, சோதனைக்காக முதலில் நூறு ரூபாய் மட்டும் அனுப்பினார். பத்து நிமிஷத்தில் மன்னார்குடியிலிருந்து தொலைபேசி வந்தது. "வந்துவிட்டது அப்பா. நூறு ரூபாய்தானா? பரவாயில்லை, உனக்கு முடிந்தபோது அனுப்பு" என்றார் அம்மையார்.