தாய்ப்பாலின்மீது பழி வேண்டா

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், மயிலாடுதுறையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளந்தாய் தம் மாமியாருடன் நம்மைக் காண வந்தார். கையில் ஆறு வாரப் பெண் குழந்தை. மாமியார் தம் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். அதில் இருந்த மஞ்சள்நிற மலத்தில் சளி கலந்திருந்தது. அச்சளியின் ஊடே செந்நூல் இழைகள் போல இரத்தக் கீற்றுகள் இரண்டு மூன்று காணப்பட்டன.

"மூன்று நாளாக இப்படித்தான் ஐயா போகிறது. தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டு டின் பால் கொடுங்கள் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?" என்று கண்கலங்கக் கேட்டார் அத்தாய்.

இதே கேள்வி நம் வாசகக் குடும்பங்கள் பலவற்றிலும் எழக்கூடும். ஆகவே அக்குழந்தைக்கு என்ன செய்யப்பட்டது என்பதை இம்மாதம் படிப்படியாக எடுத்துரைக்கின்றோம்.

முதலில் குழந்தையைப் பார்த்தோம். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்த குழந்தை, இப்போது 4 கிலோ 100 கிராம் இருந்தது. வயிறு மென்மையாக இருந்தது, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, நன்றாகப் பால் குடித்துச் சிரித்தது. ஆசனவாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்தோம், இல்லை. தாயின் மார்புக் காம்பில் புண் இருந்து, அந்த இரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்குமோ என்றும் பார்த்தோம், அதுவும் இல்லை. "சங்கில் பசும்பால் புகட்டினீர்களா?" என்று வினவியபோது, "இல்லை, வசம்பு மட்டும் உரைத்து ஊற்றினேன்" என்றார் மாமியார். அதை அன்றே நிறுத்தச் சொல்லி, நான்கு நாள் பொறுத்துப் பார்த்தோம். கீற்றுகள் மறையவில்லை.

இவ்வாறு குழந்தை எல்லா வகையிலும் நலமாக இருந்து, மலத்தில் மட்டும் சளியும் இரத்தக் கீற்றும் தோன்றுமானால், பசும்பால் புரத ஒவ்வாமையை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளேயே இது தலைகாட்டும். தாய்ப்பால் மட்டுமே பருகும் குழந்தைகளுக்கும் இது வரும் என்பதை, அமெரிக்க மருத்துவர்களாகிய லேக், விட்டிங்டன், ஹாமில்டன் ஆகியோர் ஆறு குழந்தைகளின் வரலாற்றைக் கொண்டு 1982-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர்.

பசும்பாலே குடியாத குழந்தைக்குப் பசும்பாலால் எவ்வாறு தீங்கு நேரும்? தாய் பருகும் பசுவின் பாலிலுள்ள புரதத்தில் மிகச் சிறு பகுதி, செரியாமலே அவரது குருதியில் கலந்து தாய்ப்பாலை அடைகின்றது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. சில குழந்தைகளின் உடல் மட்டும் அதனைப் பகையென்று கருதிப் போர் தொடுக்கின்றது. அப்போர் பெருங்குடலின் இறுதிப் பகுதியில் நிகழ்வதால் அங்குள்ள மென்சவ்வு சிவந்து கசிகின்றது. இரத்தம் வெளியேறும் வழிக்கு அருகிலேயே கசிவதால், கறுக்காமல் செந்நிறமாகவே வெளிவருகின்றது.

ஆகவே தாய்ப்பாலின்மீது பழி சொல்வது முறையன்று. அதில் கலந்து வரும் விருந்தாளியே குற்றவாளி. தாய்ப்பாலை நிறுத்தி டின் பால் கொடுத்தால் என்ன ஆகும்? சாதாரண டின் பால் பசும்பாலிலிருந்தே செய்யப்படுவது. துளியாக வந்த புரதம் அப்போது வெள்ளமாக வரும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் பசும்பாலை ஒத்த புரதம் உடையவை, அவற்றாலும் பயனில்லை. இது பாற்சர்க்கரை செரியாத நோயும் அன்று. ஆதலால் அதற்குரிய சொட்டு மருந்தும் இங்கு உதவாது.

அத்தாயின் அன்றாட உணவைக் கேட்டறிந்தோம். காலையில் காப்பி, பால் ஊறுவதற்கென்று இருவேளை பூண்டு வேகவைத்த பால், மதியம் மோர்க்குழம்பும் தயிரும், சோற்றில் நெய், மாலையில் பாலில் கலந்த சத்துமாவு, இரவில் நெய் சேர்த்த பிரசவ லேகியம். மாமியார் அன்போடு ஊட்டிய பத்திய உணவு இது. இதில் எவருடைய தவறும் இல்லை.

இரண்டு வாரங்களுக்குப் பாலும் பாலால் ஆனவையும் அறவே வேண்டா என்றோம். தயிரும் மோரும் புளித்தவையாயினும் அவற்றில் புரதம் அப்படியே இருக்கின்றது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அதன் புரதம் முற்றிலும் அழிவதில்லை. நெய்யில் பெரும்பங்கு கொழுப்பே. எனினும் வீட்டில் உருக்கும் நெய்யின் அடியில் பாலின் எச்சம் தங்குமாதலால், சோதனை தெளிவாக அமைய அதனையும் நிறுத்தினோம். பால் விடாத சுக்குக் காப்பி, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு ஆகியவை அவற்றின் இடத்தைப் பெற்றன.

நான்காம் நாளில் கீற்றுகள் குறைந்தன. ஆனால் முற்றும் நிற்கவில்லை. என்ன உண்கிறீர்கள் என்று மீண்டும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். பாலை விட்டுவிட்டு, சத்துமாவை வெந்நீரில் கலந்து குடித்து வந்தார் அத்தாய். அதன் புட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தபோது, அதில் பால் தூள் முதன்மையான பொருளாக இருந்தது! பலரும் இடறி விழும் இடம் இதுவே. ரஸ்க், பன், பிஸ்கட், கேக், கடை இனிப்புகள் ஆகியவற்றிலும் பால் மறைந்திருக்கலாம். பொட்டலத்தின்மீது பால் திடப்பொருள், பால் தூள், வே, கேசீன் என்னும் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். சத்துமாவையும் நிறுத்திய பின் ஒன்பதாம் நாள் முதல் மலம் தெளிந்தது.

பாலை விலக்கிய தாய் எலும்புச் சத்தை எங்கே பெறுவார்? பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கின்றது. ஒரு பெரிய டம்ளர் பாலில் கிடைப்பதைவிட இது அதிகம். காலையில் கேழ்வரகு அடை அல்லது கூழ், மதியம் முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல் என்று ஏற்பாடு செய்தோம். தரங்கம்பாடி, பூம்புகார்க் கரைகளிலிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு உண்ணச் சொன்னோம். பிள்ளை பெற்றவருக்கென்று நம் பக்கத்தில் செய்யும் சுறாப்புட்டிலும் பால் இல்லை; அது புரதத்திற்கு நல்லது. இத்துடன், பிரசவமான பெண்களுக்கு ஆறு மாதம் வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நாளுக்கு இருமுறை விடாமல் உட்கொள்ளச் சொன்னோம். அதனை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

மூன்றாம் வாரம் முடிந்தது. குழந்தை நலம், வீட்டார் மகிழ்ந்தனர். அப்போது நாம், "நாளை முதல் மீண்டும் பால் குடியுங்கள் அம்மா" என்றோம். மாமியார் திடுக்கிட்டார். "சரியாகிப் போனதை ஏன் ஐயா கிளற வேண்டும்?" என்றார்.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழைவது இந்த ஒன்றையே. குழந்தைகளின் மலத்தில் தோன்றும் இத்தகைய இரத்தக் கீற்றுகளுள் பல, எதுவும் செய்யாமலே சில வாரங்களில் தாமாக நின்றுவிடும். பின்லாந்தில் 2006-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இவ்வாறு இரத்தம் கண்ட 40 குழந்தைகளுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களுக்கே பசும்பால் ஒவ்வாமை உறுதியாயிற்று. அப்படியானால், பாலை நிறுத்தியதால் இரத்தம் நின்றதா, அன்றித் தானாகவே நின்றதா என்பதை எவ்வாறு அறிவது? தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் இவ்வகை ஒவ்வாமையைக் காட்டா. தாய் மீண்டும் பாலைப் பருகி, கீற்று திரும்புகின்றதா என்று பார்ப்பது ஒன்றே வழி. இதனைச் செய்யாமல் விட்டால், தேவையே இல்லாமல் ஒரு தாய் ஓராண்டுக் காலம் பாலும் தயிரும் இன்றி மெலிய நேரிடும். குழந்தைக்கும் இல்லாத நோயின் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

அத்தாய் முதல் நாள் அரை டம்ளரும், பின்னர் நாள்தோறும் ஒரு டம்ளரும் பால் பருகினார். ஒரு வாரம் வரை பார்ப்பதாக இருந்தோம். மூன்றாம் நாளிலேயே செந்நூல் திரும்பியது. ஐயம் நீங்கியது. உடனே பாலை நிறுத்தினார். ஐந்து நாளில் மலம் தெளிந்தது. அந்தச் சிறு கசிவால் குழந்தைக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை.

அதன் பின்னர் அத்தாய் பாலின்றியே உண்டு, தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்து வந்தார். ஆறு மாதம் நிறைந்ததும் குழந்தைக்குப் பால் சேர்க்காத கேழ்வரகுக் கூழும், பருப்புச் சோறும், மசித்த வாழைப்பழமும் தொடங்கினோம். பத்தாம் மாதத்தில் தாய் மீண்டும் பால் பருகிப் பார்த்தார், கீற்று வரவில்லை. அடுத்த மாதம் குழந்தைக்கே ஒரு தேக்கரண்டித் தயிர் ஊட்டி, நாளடைவில் அளவைக் கூட்டினோம். முதற் பிறந்தநாளன்று அது எல்லோருடனும் அமர்ந்து பாயசம் உண்டது. இவ்வகைக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் ஓராண்டளவில் இவ்வாறே தேறிவிடுவர்.

பாலை முழுமையாக விலக்கியும் நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையெனில் என்ன செய்வது? முட்டை, மீன், கடலை, கோதுமை என்று ஒவ்வொன்றாகத் தாமே நீக்கிக்கொண்டு போகலாகாது. தாயின் தட்டு வெறுமையாகுமே அன்றி நோய் விளங்காது. பழைய உணவுக்குத் திரும்பி, குழந்தை மருத்துவரின் யோசனையைப் பெறுதல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குழந்தை வெளிறிப் போதல், பச்சைநிற வாந்தி, வயிறு உப்புதல், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, இரத்தம் மிகுதியாகப் போதல் ஆகியவற்றுள் எதுவேனும் இருந்தால், இங்குச் சொன்ன உணவு மாற்றத்தை முயன்று காலம் கடத்த வேண்டா. விட்டு விட்டு வீறிட்டு அழுது, நாவற்பழக் கூழ் போன்ற கருஞ்சிவப்பு மலம் கழித்தால், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டது என்று ஐயுற வேண்டும். பிறந்த சில நாட்களுக்குள் இரத்தம் கண்டாலும் காரணம் வேறாக இருக்கலாம். இந்நிலைகளில் இரவு பகல் பாராது அப்போதே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். செல்லும் வழியிலும், கீற்று கண்ட அந்தத் துணியை உடன் கொண்டுபோக மறவாதீர்கள். மருத்துவருக்கு உங்கள் சொல்லைவிட அத்துணி தெளிவாகப் பேசும்.